கேள்வி-பதில்: தரையில் தெரியும் கட்டங்கள்

கேமில் 500 மீட்டர் மைதானத்தில் 2 மீட்டர் புல் டெக்ஸ்சர் போட்டேன். கட்டம் கட்டமாகத் தெரிகிறது. என்ன செய்ய?

ஒரு வரிசைக்கு 250 தடவை அதே படம் வந்தால் தெரியாமல் என்ன செய்யும்? முதலில் டெக்ஸ்சரை 16×16 பிக்சலாகச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பாருங்கள். அதிலும் கட்டம் தெரிந்தால் படத்திலேயே பெரிய வெளிர்த் திட்டு இருக்கிறது. ஷேடரைத் தொடும் முன் அதைச் சமன்படுத்துங்கள்.

முக்கோணக் கட்டம் போட்டு, ஒவ்வொரு முனைக்கும் UVயைத் தற்செயலாக நகர்த்தி, மூன்று சாம்பிளை எடைபோட்டுக் கலக்கிறேன். கட்டம் போய்விட்டது, ஆனால் சரளைக்கல் அங்கங்கே கஞ்சித்தண்ணி மாதிரி வெளிறுகிறது.

மாதம் தவறாமல் வரும் கடிதம் இது. கட்டம் மறைந்ததும் வேலை முடிந்ததென்று கிளம்பிவிடுகிறார்கள். தொடர்பில்லாத மூன்று சாம்பிளைச் சராசரி எடுத்தால் கான்ட்ராஸ்ட் குறையத்தான் செய்யும். முக்கோணத்தின் நடுவில் மூன்று எடையும் மூன்றில் ஒரு பங்கு; அங்கே கான்ட்ராஸ்ட் சுமார் 58 சதவீதம்தான் மிஞ்சும். முனையில் ஒரே சாம்பிள், அதனால் முழுசாக இருக்கும். ஆக, பழைய கட்டத்தை அழித்துவிட்டு மங்கலும் தெளிவுமாகப் புதுக் கட்டம் ஒன்றை நீங்களே வரைந்திருக்கிறீர்கள். உங்கள் சரளையின் சராசரி 0.45, ஏற்ற இறக்கம் 0.2 என்றால், நடுவில் அந்த ஏற்ற இறக்கம் 0.12க்கு இறங்கிவிடும். எடைகளின் வர்க்கக் கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் கண்டு, அதால் வகுத்தால் கான்ட்ராஸ்ட் திரும்பி வரும்:

```
d = w1*(c1-m) + w2*(c2-m) + w3*(c3-m);
c = m + d / sqrt(w1*w1 + w2*w2 + w3*w3);
```

`m` என்பது டெக்ஸ்சரின் சராசரி நிறம். கடைசி மிப்பிலிருந்து எடுக்கலாம். கணக்கை லீனியர் நிறத்தில் செய்யுங்கள். கரும் மண்ணில் நாலு வெள்ளைக் கல் என்பது போன்ற படத்தில் இது மட்டும் போதாது, நிறம் 0க்குக் கீழேயும் 1க்கு மேலேயும் ஓடும். அதற்கு ஆய்வாளர்கள் ஹெய்ட்ஸும் நெய்ரேயும் 2018இல் சொன்ன வழி இருக்கிறது: ஹிஸ்டோகிராமை முன்கூட்டியே மணி வடிவத்துக்கு மாற்றி, அதில் கலந்து, பிறகு அட்டவணை வழியே பழைய நிறத்துக்குத் திரும்புவது.

முக்கோண ஓரங்களில் மெல்லிய கோடு வருகிறது.

நகர்த்திய UVயிலிருந்து மிப்பைக் கணக்கிட விடுகிறீர்கள். நகர்த்தும் முன்பே `ddx`, `ddy` எடுத்து `SampleGrad`க்குக் கொடுங்கள். எத்தனை தடவைதான் சொல்வது!

செங்கல் தளத்துக்கும் இதே முறை சரிவருமா?

வராது. செங்கல்லின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று பேய் மாதிரி நிற்கும்.

கிட்டே அருமையாக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தரை ஒரே பச்சைப் பெயின்ட்.

தூரத்தில் மிப்புகள் எல்லாவற்றையும் சராசரி நிறமாக்கிவிடும். எத்தனை சாம்பிள் கலந்தாலும் அங்கே பயனில்லை. உலக ஆயத்தில் 40, 50 மீட்டர் அகலத் திட்டுகளுள்ள நாய்ஸை 0.85 முதல் 1.15 வரை பெருக்குங்கள். சராசரி 1 ஆகவே இருக்கட்டும், இல்லையென்றால் தரை மொத்தமும் இருண்டோ வெளுத்தோ போகும். அந்த நாய்ஸும் ஒரு சின்ன டெக்ஸ்சராக இருந்தால், அதுவும் கட்டம் போடும். அதையும் 16×16ஆகச் சுருக்கிப் பாருங்கள்.