லாபம் இருக்கிறது, ஆனால் இல்லை

"கணக்காளர் மாதம் 30,000 லாபம் என்கிறார். நானோ தினமும் 12 மணி நேரம் கடையில் நிற்கிறேன், ஒன்றும் மிஞ்சியதாகத் தோன்றவில்லை. கணக்கில் தப்பா?"

தப்பில்லை அக்கா. கையை விட்டுப் போன பணம் மட்டும்தான் அவர் கணக்கில் செலவாக ஏறும். உங்கள் உழைப்புக்கு நீங்கள் சம்பளம் எடுப்பதில்லை, அதனால் அந்த வரியே அதில் இல்லை.

இதே வேலையை வேறொரு கடையில் பார்த்தால் 28,000 கிடைக்கும் என்று வைப்போம். கடையில் போட்ட சொந்தப் பணம் 6 லட்சம் என்றால், ஆண்டுக்கு 6 சதவீத வட்டிக்கு மாதம் 3,000 வந்திருக்கும். ஆக, விட்டுக்கொடுத்தது 31,000. கணக்காளர் சொல்லும் கணக்கியல் லாபம் 30,000, அதில் விட்டுக்கொடுத்ததையும் கழித்தால் வரும் பொருளியல் லாபம் மைனஸ் 1,000.

சம்பளத்தை ஆசைப்பட்டுக் கூட்டி எழுதாதீர்கள். நிஜமாகக் கிடைக்கக்கூடியதை எழுதுங்கள். அங்கே 8 மணி நேர வேலைதான் என்றால், மீதி 4 மணி நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். முதலீட்டுக்கான வட்டியையும் அன்று போட்ட தொகைக்கு அல்ல, இன்று சரக்கை விற்றால் தேறும் தொகைக்கே கணக்கிடுங்கள்.

அப்புறம், பொருளியல் லாபம் பூஜ்யம் என்று வந்தால் பயப்பட வேண்டாம். வெளியே கிடைப்பது கடையிலேயே கிடைக்கிறது, அவ்வளவுதான்.