ஆதரவு ஏன் மைனஸ் ஆனது?

"ஐயா, செவிலியர்களின் பணி நிறைவு பற்றி ஆய்வு செய்கிறேன். பணிச்சுமை, மேலதிகாரியின் ஆதரவு இரண்டையும் வைத்து ரிக்ரஷன் போட்டபோது ஆதரவுக்கு பிளஸ் வந்தது. இரண்டையும் பெருக்கிச் சேர்த்ததும் இன்டராக்ஷன் சிக்னிஃபிகன்ட், ஆனால் ஆதரவு மைனஸ் ஆகிவிட்டது. ஆதரவை மீடியனில் இரண்டாக வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் டேட்டா அனாலிசிஸ் சென்டர்காரர். தேர்வாளரோ உயர் நிலை, தாழ் நிலைகளில் சிம்பிள் ஸ்லோப் கேட்கிறார். என்ன செய்வது?" – ஓர் ஆய்வு மாணவி

முதலில், அந்த சென்டருக்குப் பணம் கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் கணக்கில் தப்பே இல்லை. அவர் சரிசெய்வதாகச் சொல்வதுதான் அதைக் கெடுக்கும்.

பெருக்கல் உறுப்பு உள்ளே வந்ததும் ஆதரவின் கெழுவுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. அது இப்போது ஆதரவின் பொதுவான விளைவு அல்ல, பணிச்சுமை பூஜ்யமாக இருக்கும்போது ஆதரவின் விளைவு. உங்கள் பணிச்சுமை அளவுகோலில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் என்றால், யாருக்கும் பத்துக்குக் கீழே வராது. பூஜ்யம் வாங்கிய செவிலியரே கிடையாது. இல்லாத ஆளைப் பற்றிய மைனஸைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறீர்கள்.

உங்கள் தரவு என்னிடம் இல்லை. அதனால் ஆர் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் mtcars என்ற தரவை வைத்துச் சொல்கிறேன். 1974-இல் ஓர் அமெரிக்க மோட்டார் பத்திரிகையில் வந்த 32 கார்களின் விவரம் அது. mpg என்பது மைலேஜ், wt என்பது ஆயிரம் பவுண்டில் எடை, hp என்பது குதிரைத்திறன்.

```
lm(mpg ~ wt + hp, data = mtcars)
lm(mpg ~ wt * hp, data = mtcars)
```

முதல் வரியில் எடையின் கெழு −3.88. இரண்டாவதில் அது −8.22. எடை திடீரென்று இருமடங்கு கெடுதல் ஆகிவிட்டதா? இல்லை. −8.22 என்பது குதிரைத்திறனே இல்லாத காருக்கானது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்!

பெருக்கல் உறுப்பின் கெழு 0.02785. அதாவது குதிரைத்திறன் ஒன்று கூடும்போதெல்லாம் எடையின் சாய்வு இவ்வளவு மேலே நகர்கிறது. எந்தக் குதிரைத்திறனிலும் எடையின் சாய்வு இதுதான்:

```
-8.217 + 0.02785 * hp
```

தேர்வாளர் கேட்கும் சிம்பிள் ஸ்லோப் இவ்வளவுதான். hp-யின் சராசரி 146.7, திட்ட விலக்கம் 68.6. சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் கீழே போனால் 78, மேலே போனால் 215. இவற்றைப் போட்டால், தாழ் நிலையில் சாய்வு −6.04, சராசரியில் −4.13, உயர் நிலையில் −2.22. வலு குறைந்த காரில் ஆயிரம் பவுண்டு கூடினால் மைலேஜில் ஆறு மைல் குறைகிறது, வலு மிகுந்த காரில் இரண்டு மைல்தான் குறைகிறது.

ஒவ்வொரு சாய்வுக்கும் திட்டப் பிழை, p-மதிப்பு வேண்டுமென்றால் பூஜ்யத்தை நகர்த்தினால் போதும். இதற்கென்று ஒரு 'மாடரேஷன் பேக்கேஜ்' விற்கிறார்கள், தெரியும். அதற்குள்ளே நடப்பது இதுதான்:

```
mtcars$hp_hi <- mtcars$hp - (mean(mtcars$hp) + sd(mtcars$hp))
summary(lm(mpg ~ wt * hp_hi, data = mtcars))
```

இப்போது பூஜ்யம் என்பது உயர் நிலை. wt வரிசையில் −2.22-உம் அதன் p-யும் வந்து நிற்கும். தாழ் நிலைக்கு நடுவிலுள்ள + குறியை − ஆக்குங்கள். எஸ்பிஎஸ்எஸ்ஸில் COMPUTE போட்டும் இதைச் செய்யலாம். எப்படி நகர்த்தினாலும் பெருக்கல் உறுப்பின் கெழு, அதன் p, மொத்த R² மூன்றும் அசையாது. 'சென்டர் செய்தால் இன்டராக்ஷன் வலுப்படும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி, வைவாவில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. "தாழ் நிலையில் சிக்னிஃபிகன்ட், உயர் நிலையில் இல்லை, ஆகவே வேறுபாடு நிரூபணம்" என்று எழுதுவார்கள். அந்த இரண்டு p-க்களும் ஒவ்வொரு சாய்வையும் பூஜ்யத்தோடு ஒப்பிடுகின்றன, ஒன்றையொன்று அல்ல. இரண்டு சாய்வுக்கும் இடையே வேறுபாடு உண்டா என்பதற்கு ஒரே சாட்சி பெருக்கல் உறுப்பின் வரிசை. கார்களில் அதன் p 0.0008. அது சிக்னிஃபிகன்ட் இல்லாமல் சாய்வுகளை வைத்துக் கதை சொல்லக் கூடாது. 'ஹைப்பாதிஸிஸ் ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது' என்று கட்டம் போட்ட அட்டவணை இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டோம் என்கிற இடங்களில் இதை யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

மீடியன் வெட்டு இதைவிட மோசம். மீடியனுக்கு ஒரு மதிப்பெண் மேலே இருப்பவரும் உச்சத்தில் இருப்பவரும் ஒரே குழு, ஒரு மதிப்பெண் கீழே இருப்பவர் மட்டும் வேறு குழு என்று ஆகிவிடும். மணி வடிவப் பரவல் கொண்ட ஒரு மாறியை இப்படி வெட்டினால், அது விளக்கக்கூடிய மாறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சென்டர்காரருக்கு இது பிடிப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு ரிக்ரஷன், இரண்டு அட்டவணை, பக்கத்துக்கு இவ்வளவு என்று பில்!

சரி, உங்கள் ஆய்வில் எதன் சாய்வை எந்த நிலைகளில் காட்டுவது? ஆதரவு பணிச்சுமையின் பாதிப்பைத் தணிக்கிறது என்பது உங்கள் கருதுகோள் என்றால், ஆதரவின் உயர், தாழ் நிலைகளில் பணிச்சுமையின் சாய்வைக் காட்டுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரலாம். 'ஒரு திட்ட விலக்கம் மேலே' என்பது சட்டமல்ல, வழக்கம்தான். ஆதரவு மதிப்பெண் 12 முதல் 60 வரை என்று வைப்போம். பெயர் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் பலரும் மேலதிகாரிக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டிருக்கலாம். சராசரி 53, திட்ட விலக்கம் 9 என்றால் உயர் நிலை 62. அப்படி ஒரு மதிப்பெண்ணே இல்லை! ஆனாலும் மென்பொருள் கோடு போட்டுக் கொடுத்துவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. அப்படி இருந்தால் திட்ட விலக்கத்தை விட்டுவிட்டு 25-ஆம், 75-ஆம் சதமானங்களை எடுங்கள். அவையும் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் தரவில் 'தாழ்ந்த ஆதரவு' என்று சொல்லும்படி ஆட்களே போதவில்லை என்று பொருள். அதை அப்படியே எழுதுங்கள்.

நிலைகள் இரண்டும் தரவுக்குள் இருந்தாலும் கோடு வெளியே போகக்கூடும். கார்களையே பாருங்கள். 100-க்குக் குறைந்த குதிரைத்திறன் உள்ள ஒன்பது கார்களில் அதிக எடை மெர்சிடிஸ் 240டி, 3,190 பவுண்டு. 200-க்கு மேற்பட்ட ஏழில் மிகக் குறைந்த எடை ஃபோர்டு பான்டெரா, 3,170 பவுண்டு. ஆக இந்த இரண்டு கூட்டமும் எடையில் சந்திப்பது வெறும் இருபது பவுண்டு இடைவெளியில். புத்தகங்களில் போடுவதுபோல் இரண்டு கோட்டையும் 1,500 முதல் 5,400 வரை இழுத்தால் ஆளுக்குப் பாதி கற்பனை. இப்படி இருக்கும்போது, எடையின் விளைவு நேர்கோடாக இல்லாமல் வளைந்திருந்தாலும் அது இன்டராக்ஷன் வேஷம் போட்டு வரும். எடையின் வர்க்கத்தையும் ரிக்ரஷனில் சேர்த்து, பெருக்கல் உறுப்பு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீங்களும் பணிச்சுமையின் வர்க்கத்தையும் ஆதரவின் வர்க்கத்தையும் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு கோட்டையும் அந்த நிலையில் செவிலியர்கள் உண்மையில் இருக்கும் பணிச்சுமை வரைக்கும் மட்டும் வரைந்து, பின்னணியில் புள்ளிகளையும் போட்டுத் தேர்வாளருக்கு அனுப்புங்கள். பழைய ஆதரவு மைனஸைப் பற்றிக் கேட்டால், அது பணிச்சுமை பூஜ்யத்துக்கானது என்று ஒரு வரி போதும்.