மரக்கறிப் பாக்கியும் கோரிக்கைக் கடிதமும்

“ஐயா, நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்கு 30 நாள் கடனில் கரட், லீக்ஸ் கொடுத்தேன். மூன்று பில்லில் 50,000 ரூபாதான் வந்திருக்கிறது. மெனேஜர் இன்று, நாளை என்கிறார். ‘பொலிசுக்குப் போவேன்’ என்று கடிதம் எழுதலாமா?”

பொலிஸ் என்ற சொல்லே கடிதத்தில் வேண்டாம். இது குடியியல் கடன். அப்படி எழுதினால், மிரட்டிப் பணம் கேட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல நீங்களே இடம் கொடுக்கிறீர்கள்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். விற்றுக் கொடுத்த பொருளின் கடனுக்கு, அது செலுத்தவேண்டியதாகி ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு. முதல் பில் 2025 பெப்ரவரி 12 என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் கடன் மார்ச் 14 இல் முடிகிறது. 2026 மார்ச் 14 வரும் முன்பே வழக்கு பதிவாகியிருக்க வேண்டும். கோரிக்கைக் கடிதம் அனுப்பியதால் இந்த ஓராண்டு நீளாது. பலர் ஏமாறுவது இங்கேதான். கடனை ஒப்புக்கொண்டு அவர்கள் கையொப்பமிட்ட எழுத்தோ, பகுதிப் பணமோ வந்தால் காலம் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் உங்களுக்கு வந்த 50,000 எந்தப் பில்லுக்கு என்ற வாதம் எழக்கூடும். அதை நம்பி இருக்காமல் பழைய பில்லின் நாளிலிருந்தே எண்ணுங்கள்.

அடுத்தது, யாருக்கு எழுதுவது? பெயர்ப்பலகையில் உள்ள பெயருக்கோ மெனேஜருக்கோ அல்ல. ஹோட்டலை நடத்துவது கம்பனி என்றால், கம்பனியின் பதிவுப் பெயருக்கும் பதிவு முகவரிக்கும் எழுதுங்கள். அந்த முகவரி கொழும்பிலும் இருக்கலாம். ஹோட்டலுக்கு ஒரு பிரதி போகட்டும்.

கடிதத்தின் உடல் இவ்வளவு போதும்:

“கீழ்க்காணும் மரக்கறிகளை உங்கள் ஹோட்டலுக்கு வழங்கினேன்: பில் 412, 12.02.2025, ரூபா 86,400. பில் 418, 26.02.2025, ரூபா 71,250. பில் 425, 11.03.2025, ரூபா 94,600. மொத்தம் 252,250. 20.05.2025 இல் வங்கி மூலம் 50,000 பெற்றேன். மீதி 202,250 ரூபாவை இக்கடிதத் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால் இத்தொகையை அறவிட வழக்குத் தொடர்வேன்.”

கடைசி வசனம் மிரட்டல் அல்ல. சட்டம் உங்களுக்குத் தந்த வழியைத்தான் சொல்கிறது. பெற்ற 50,000ஐ மறைக்காதீர்கள்: கணக்கில் ஒரு பிழை இருந்தாலும் பதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பில்லில் வட்டி பேசப்படவில்லை என்றால் மாதம் 3 வீதம் என்று நீங்களாகச் சேர்க்கவும் வேண்டாம்.

சரக்கை இறக்கியபோது சமையலறையில் கையொப்பமிட்ட பில் பிரதிகளை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள். வியாபாரக் கடிதத்துக்கு மறுப்பே எழுதாமல் இருப்பதை நமது நீதிமன்றங்கள் கடனாளிக்கு எதிராக எடுத்துக்கொண்டதுண்டு. அதற்குக் கடிதத்தில் மறுக்கக்கூடிய தெளிவான விடயங்கள் இருக்க வேண்டும். வசை மட்டும் இருந்தால் மௌனத்துக்குப் பொருளில்லை.

14 நாள் கடந்தும் “நாளை” என்றால், அதை எழுத்தில் கேளுங்கள்: பாக்கி 202,250 என்று கம்பனி சார்பில் கையொப்பமிட்ட இரண்டு வரி. அதுவும் வராவிட்டால் பில்களோடு சட்டத்தரணியிடம் போங்கள், மார்ச் வரை காத்திருக்காமல்.