ஏப்ரலில் காலியாகும் வீடு

கேள்வி: ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். மண்டபத்தில் கடலில் இருந்து நானூறு மீட்டர் தூரத்தில், ஒன்பது வருடம் ஆன ஃபிளாட் ஒன்று 30 லட்சத்துக்கு வருகிறது. வாடகைக்கு விடத்தான் வாங்குகிறேன். சேமிப்பு 15 லட்சம், வங்கிக் கடன் 15 லட்சம். வட்டி 8.5 சதவீதம், 20 வருடம், மாதத் தவணை 13,017 ரூபாய். இப்போது குடியிருக்கும் மத்திய அரசு ஊழியர் 11,000 வாடகை தருகிறார், பராமரிப்பு 1,500-ஐயும் அவரே கட்டுகிறார். ஒப்பந்தம் ஏப்ரல் 30 வரை. மார்ச்சில் பத்திரப்பதிவு, ஏப்ரலில் முதல் தவணை. எல்லாச் செலவும் போகக் கையில் 40,000 இருக்கும், சம்பளத்தில் மாதம் 8,000 மிஞ்சும். மாதம் 2,017 ரூபாய்தான் கைவிட்டுப் போகும் என்கிறார் தரகர். வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று கழித்துப் பார்த்தாலும் தாங்கும்போல் தெரிகிறது. வாங்கலாமா அம்மா?

பதில்: கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் நீங்கள் போட்டது ஆண்டுக் கணக்கு. வங்கியோ மாதாமாதம் வந்து நிற்கும். ஒரு நோட்டை எடுத்து ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு ரூபாயையும் அது உண்மையில் வரும் மாதத்தில், போகும் மாதத்தில் எழுதுங்கள். இந்த வீட்டின் சங்கடம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் ஆண்டுக் கணக்கையே முழுமையாக்குவோம். ஆள் மாறாத ஆண்டில் வாடகை 1,32,000. தவணைக்கு 1,56,204 போகிறது. வீட்டுவரி அரையாண்டுக்கு 1,200 என்று வைக்கிறேன், சரியான தொகையை விற்பவரின் ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை வீடு என்பதால் பழுதுக்கு மாதம் 1,000 எடுத்துவைக்க வேண்டும். ஆக, கையில் இருந்து போவது 38,604. ஆள் மாறும் ஆண்டில் இரண்டு மாத வாடகை இல்லை, அந்த இரண்டு மாதமும் பராமரிப்பு உங்கள் தலையில். உள்ளே பெயின்டுக்கும் குழாய், பூட்டு, மின்வேலைக்கும் 19,000, தரகருக்கு அரை மாத வாடகை 5,500 என்று வைத்தால், போவது 88,104. அரசு ஊழியர்களை நம்பி விடும் வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் என்று எண்ணுவதே நிதானம். இரண்டு ஆண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மாதம் 5,280 ரூபாய்.

உங்களிடம் மிஞ்சுவது 8,000. தாங்கும் என்றுதானே தோன்றுகிறது? இனி கட்டங்களுக்கு வாருங்கள்.

உங்கள் கடிதத்தில் அட்வான்ஸ் என்ற சொல்லே இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. அந்த அளவில் 33,000 என்று வைப்போம். அதை வாங்கியவர் இப்போதைய உரிமையாளர். ஆனால் ஏப்ரல் 30 அன்று சாவியை நீட்டும்போது குடியிருப்பவர் கேட்கப்போவது உங்களிடம்.

ஏப்ரல் கட்டத்தில் வாடகை 11,000 வருகிறது. தவணை, வீட்டுவரி, அட்வான்ஸ் மூன்றும் போகின்றன. கையிருப்பு 40,000-உம் சம்பள மிச்சம் 8,000-உம் சேர்ந்தும், மாத முடிவில் இருப்பது 11,783. மே மாதத்தில் வாடகை கிடையாது. தவணை, பராமரிப்பு, பெயின்ட், பழுது என்று 33,517 போக வேண்டும். சம்பள மிச்சத்தைச் சேர்த்தும் 13,734 ரூபாய் குறைகிறது. இரண்டாவது தவணையே திரும்பிப்போகும் நிலை. இத்தனைக்கும், கடலுக்காக எடுத்துவைக்கச் சொன்ன 1,000-ஐ இந்தக் கட்டங்களில் நான் சேர்க்கவே இல்லை. சராசரியில் தாங்குகிற வீடு மே மாதத்தில் தாங்கவில்லை.

அதே 33,000-ஐ விற்பவரிடம் இருந்து பதிவின்போதே வாங்கிக்கொண்டால், அல்லது விலையில் கழித்துக்கொண்டால், கதை மாறுகிறது. ஏப்ரல் முடிவில் 44,783, மே முடிவில் 19,266. ஜூனில் தரகருக்குக் கொடுத்த பிறகும் 7,249 நிற்கும். ஜூலை முதல் தேதி புதியவர் வந்துவிட்டால் தப்பித்தீர்கள். வீடு அதே வீடு, வாடகை அதே வாடகை. விற்பனை ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் பற்றி ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். வாங்கியதும் அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அது உங்கள் பணம் அல்ல. என் முதல் வாடகை வீட்டின் அட்வான்ஸில் நான் குளிர்சாதனப் பெட்டி வாங்கினேன். அதைத் திருப்பிக் கொடுக்க நகையை அடகு வைத்தது தனிக் கதை.

அடுத்தது காலி மாதம். பல இடங்களில் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஒரு மாதம் கழித்ததும் அந்த வழிதான். மண்டபத்தில் வீடு எப்போது காலியாகிறது என்பது, எத்தனை நாள் காலியாக இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கடலோரக் காவல் படை, ரயில்வே என்று ஊரில் இடமாற்றத்துக்கு உட்பட்ட குடும்பங்கள் பல. பிள்ளைகளின் பள்ளியை உத்தேசித்து அவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இடம் மாறுகிறார்கள். அதே சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் தொழிலை நம்பிய குடும்பங்கள் அந்த இரண்டு மாதத்தில் புதிய வாடகைச் சுமையை ஏற்கத் தயங்கும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச மாட்டோம் என்று சொல்லும் இந்துக் குடும்பங்கள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும். ஆக, ஆனி முடிவதற்குள் ஆள் வராவிட்டால் ஆவணிதான்.

அந்தக் கட்டங்களையும் நிரப்புவோம். புதியவர் செப்டம்பர் முதல் தேதிதான் வருகிறார், தரகர் கூலி ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகிறது என்று கொள்ளுங்கள். அட்வான்ஸைச் சரியாக வாங்கி வைத்திருந்தாலும் ஆகஸ்ட் முடிவில் 5,785 ரூபாய் குறைகிறது. சிறிய தொகை என்று நினைக்கலாம். தவணை திரும்பினால் அபராதம், கடன் வரலாற்றில் ஒரு கறை. புதியவரின் அட்வான்ஸில் கை வைக்கும் ஆசையும் அங்கேதான் பிறக்கிறது.

அதனால் என் யோசனை, 15 லட்சத்தையும் கையில் இருந்து கொடுக்காதீர்கள். 14 லட்சம் கொடுத்து, வங்கி சம்மதித்தால் 16 லட்சம் கடன் வாங்குங்கள். தவணை 13,885 ஆகும், அதாவது மாதம் 868 ரூபாய் கூடுதல். பதிலுக்கு ஒரு லட்சம் உங்கள் கணக்கில் நிற்கும். ஆவணி வரை காலியாக இருந்தாலும், ஐந்து மாதத்துக் கூடுதல் தவணையான 4,340-ஐக் கழித்து, 89,875 ரூபாய் மிஞ்சும். கடனைக் கூட்டச் சொல்கிறாளே என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்தக் கட்டங்களைக் காட்டுங்கள்.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள். 15 லட்சத்துக்கு அரை சதவீதம் ஏறினால் தவணை 479 ரூபாய் கூடும், ஆண்டுக்கு 5,748. வீடு பதினாறு நாள் காலியாக இருந்தாலே அதைவிடக் கூடுதலாகப் போய்விடும். வரிச் சலுகையையும் கட்டத்தில் எழுதவேண்டாம். நீங்கள் புதிய வருமானவரி முறையில் இருந்தால், வாடகை வீட்டில் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

கடல் பக்கம் வருவோம். உப்புக்காற்று முதலில் சன்னல் கிரில்லையும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டியையும் தின்னும். அவை உங்கள் மாதம் 1,000-க்குள் அடங்கும். கான்கிரீட்டுக்குள் புகும் உப்பு வேறு ரகம். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், கூடினால் மேல் பூச்சை வெடித்துத் தள்ளும். ஒன்பது வருடக் கட்டடத்தில் இது தொடங்கியிருக்கக்கூடும். பால்கனியின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தாங்கல்களையும் பாருங்கள். கம்பி ஓடும் கோட்டிலேயே விரிசல், பழுப்புக் கறை, சிறு சுத்தியலால் தட்டினால் பொள்ளலான ஓசை, இவை மூன்றும் அடையாளம். உங்கள் வீட்டுக்குள் ஒன்றும் இல்லாவிட்டாலும் போதாது. பொதுச் சுவரும் மாடியும் கெட்டால், குடியிருப்போர் சங்கம் உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் பங்கு வசூலிக்கும், அது மாதம் 1,500-இல் அடங்காது. சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தையும் வங்கி இருப்பையும் பத்திரத்துக்கு முன்னால் கேளுங்கள். வசூல் ஒன்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தால் அது விற்பவரின் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு முடிக்கப் பார்ப்பார்கள் என்பதால் அந்தத் தொகை செப்டம்பர் கட்டத்தில் வந்து விழலாம். ஒரு லட்சத்தைக் கையில் வைத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

தவணைத் தேதி 5 என்று இருந்தால் 15-ஆக மாற்ற முடியுமா என்று கடன் கையெழுத்தாகும் முன்பே கேளுங்கள். வாடகை 10-ஆம் தேதி வரை இழுப்பது வழக்கம்தான்.

இவ்வளவையும் செய்வதற்கு முன்னால், இந்த வாரமே போய்க் குடியிருப்பவரைப் பாருங்கள். இடமாற்றம் வருமா, ஏப்ரலுக்குப் பிறகும் இருப்பாரா என்று நேராகக் கேளுங்கள். இருக்கிறேன் என்றால், வீடு கைமாறிவிட்டது என்பதற்காக வாடகையை 500 ரூபாய் ஏற்றிக் கேட்காதீர்கள். அவர் போய்விட்டால் ஒரே ஆண்டில் உங்களுக்குக் கூடுதலாக ஆகும் செலவு 49,500. அதை மாதம் 500 ரூபாயாகத் திரும்பப் பிடிக்க 99 மாதம் ஆகும்.