ஒரே சோற்றுத் தட்டு, ஐந்து கேள்வி

“அண்ணா, தில்லி வந்து மூணு மாசம் ஆகுது. பழைய ராஜிந்தர் நகர்ல ரூம் எடுத்து, தமிழ் மீடியத்துல ஐ.ஏ.எஸ் மெயின்ஸ் எழுதத் தயாராகுறேன். டெஸ்ட் பேப்பர்ல பாயின்ட் எல்லாம் இருக்குன்னு டிக் அடிச்சுட்டு, ‘டைரக்டிவை கவனிக்கல’ன்னு எழுதி பத்துக்கு மூணு போடுறாங்க. டிஸ்கஸ், எக்ஸாமின், எவாலுவேட், எல்லாத்துக்கும் பதில் ஒண்ணுதானே?”

தம்பி, உன் பேப்பரைப் பார்க்காமலே சொல்கிறேன், எல்லாக் கேள்விக்கும் நீ ‘விவரி’க்கு எழுதுகிற பதிலையே எழுதியிருப்பாய். பதினான்கு வருஷம் முன்னால் கரோல் பாகில் உட்கார்ந்து நானும் அதைத்தான் செய்தேன். நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ‘விவரி’, ‘விளக்குக’, ‘குறிப்பு வரைக’ என்று மூன்று விதமாகக் கேட்பார்கள், மூன்றுக்கும் தெரிந்ததைக் கொட்டினால் மார்க் வரும். இங்கே பதிலைத் தமிழில் எழுதலாமே தவிர, கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். படிக்கும்போதே மனசு அதைத் தமிழாக்கிக்கொள்கிறது. விஷயம் பிடிபட்டுவிடும், டைரக்டிவ் என்று அவர்கள் சொல்கிற, கடைசியில் நிற்கிற அந்த ஒற்றை வினைச்சொல் நழுவிவிடும்.

நமக்கெல்லாம் சாப்பிட்டே தெரிந்த சத்துணவையே எடுத்துக்கொள்வோம். காமராஜர் 1956-ல் தொடங்கியது, எம்.ஜி.ஆர் 1982-ல் விரித்தது, மத்திய அரசு 1995-ல் நாடு முழுக்க அறிவித்தது. உன் குறிப்பேட்டில் இவ்வளவும் இருக்கும். வினைச்சொல் மாறும்போது இதில் எதை எடுக்கிறாய், எதை விடுகிறாய் என்பதுதான் பேச்சு.

‘மதிய உணவு பசிக்கு மட்டுமல்ல, படிப்புக்கும் போட்ட திட்டம். எலுசிடேட்.’ இதில் சண்டைக்கே இடமில்லை. கேட்டவர் கூற்றை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். சோறு எப்படிப் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டி வந்தது, மதியத்துக்குப் பிறகும் எப்படி உட்கார வைத்தது என்று எடுத்துக்காட்டோடு தெளிவாக்கினால் போதும். இதில் போய் ‘இருப்பினும் சில குறைபாடுகள்’ என்று ஒரு பத்தி எழுதுகிறவர்கள் அந்தப் பத்தியைச் சும்மா எழுதுகிறார்கள்.

‘சமையலைத் தன்னார்வ அமைப்புகளின் மையச் சமையலறைகளுக்கு விடுவது பற்றி டிஸ்கஸ்’ என்றால் அங்கே குறைந்தது இரண்டு தரப்பாவது வேண்டும். பெருநகரில் இடமில்லாத பள்ளிக்கு அது வசதி, ஆசிரியருக்குச் சமையல் மேற்பார்வை குறையும். மறுபக்கம், வண்டியில் வரும் சாப்பாடு ஆறிப்போகும், உள்ளூர்ப் பெண்களின் வேலை போகும், சில அமைப்புகள் முட்டை போட மறுக்கும். இரண்டையும் பேசவிட்டு, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று முடி. முதல் வரியிலேயே ‘இது தவறு’ என்று தீர்ப்பு எழுதினால் அது டிஸ்கஸ் இல்லை.

எக்ஸாமின் என்றால் ஒரு கூற்றைக் கையில் கொடுத்து, ‘இது நிற்குமா பார்’ என்கிறார்கள். ‘நாடு முழுக்கச் சமைத்த உணவு கிடைத்ததற்கு நீதிமன்றமே காரணம். எக்ஸாமின்.’ 1995-ல் அறிவித்த பிறகும் பல மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தைப் பையில் போட்டுக் கொடுத்தன. 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் சமைத்துத்தான் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. கூற்று இதுவரை நிற்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்குப் பல வருஷம் முன்பே உலை கொதித்துக்கொண்டிருந்ததே? அங்கே கூற்று உடைகிறது. முன்னால் ‘கிரிட்டிக்கலி’ வந்தால் இந்த உடைகிற இடத்துக்கு இன்னும் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். கிரிட்டிக்கலி என்றால் அரசைத் திட்டு என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், ‘விமர்சி’ என்று மனசில் தமிழாக்குவதால் வரும் வினை. எக்ஸாமினுக்கும் அனலைஸுக்கும் நடுவே நான் கோடு கிழிப்பதில்லை, நீயும் அதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மார்க் கொட்டிப் போவது எவாலுவேட்டில்தான். ‘சத்துணவுத் திட்டத்தின் வெற்றியை எவாலுவேட்’ என்று வந்த மாதிரிக் கேள்விக்கு என் முதல் முயற்சியில் சாதனை ஒரு பட்டியல், குறை ஒரு பட்டியல், கடைசியில் ‘மேலும் மேம்படுத்தினால் சிறக்கும்’ என்று எழுதிவிட்டு வந்தேன். தராசில் இரண்டு தட்டிலும் சாமானை வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் வந்த மாதிரி. எவாலுவேட் கேட்பது அந்த முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை. அதற்கு முதலில் எதை வைத்து நிறுக்கிறாய் என்று சொல்ல வேண்டும். பள்ளி வருகை, ஊட்டம், சாதி கடந்து ஒரே பந்தியில் உட்காருவது என்று மூன்றை வைத்துக்கொள். வருகையில் வெற்றி தெளிவு. ஊட்டத்தில் பாதிதான், ஏனென்றால் பள்ளி இருக்கும் நாளில்தான் சோறு. அதைவிட முக்கியம், பிள்ளையின் வளர்ச்சி குன்றுவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, ஐந்து வயதில் வரும் தட்டு அதை முழுக்க ஈடுகட்டாது. பந்தியில் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தார்கள், ஆனால் தலித் சமையலர் என்றால் சில ஊர்களில் பெற்றோர் தடுத்தார்கள். இவ்வளவும் எழுதிவிட்டு முடிவை இப்படி வை: ‘பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் திட்டமாக வெற்றி, ஊட்டக் குறையைத் தீர்க்கும் திட்டமாகத் தாமதமாகத் தொடங்கும் உதவி.’ இந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் கேள்வியே.

கம்பேரில் நடக்கும் தப்பு வேறு. தமிழ்நாட்டுத் திட்டம் பற்றி ஒரு பத்தி, மத்தியத் திட்டம் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்வது. அது பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு குறிப்பு. ஒப்பீடு என்றால் ஒரு அளவுகோலை எடுத்து இரண்டின் மேலும் வைக்க வேண்டும். யாருக்கு? மத்தியத் திட்டம் எட்டாம் வகுப்பு வரை, நம்முடையது பத்தாம் வகுப்பு வரை. தட்டில் என்ன? மத்திய விதி தொடக்கப் பள்ளிக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்று அளவு சொல்லி, முட்டையை மாநிலத்தின் விருப்பத்துக்கு விடுகிறது. நாம் பள்ளி நாள்தோறும் முட்டை போடுகிறோம். சமைப்பவர் யார்? மத்திய விதியில் மதிப்பூதியம், இங்கே சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில். ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு பேரும் இருக்கிறார்கள் பார். ஒற்றுமையையும் விடாதே, இரண்டிலும் பள்ளிக்கூடம்தான் சாப்பாட்டுக் கூடம். கான்ட்ராஸ்ட் என்று மட்டும் கேட்டால் வேற்றுமையோடு நிறுத்திக்கொள்.

இத்தனையும் யோசிக்க நேரம் ஏது என்பாய். 20 கேள்வி, 180 நிமிஷம். பத்து மார்க்குக்கு 150 சொல், பதினைந்துக்கு 250. முன்னதற்கு 7, பின்னதற்கு 11 நிமிஷம் என்று வைத்தால் மணி அடிக்கும்போது சரியாக முடியும். அதில் முதல் அரை நிமிஷத்தை வினைச்சொல்லுக்குக் கொடு. கேள்வியில் அதை வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுது. எலுசிடேட்டுக்குத் ‘தெளிவாக்கு’, டிஸ்கஸுக்கு ‘தரப்புகள்’, எக்ஸாமினுக்கு ‘நிற்குமா?’, எவாலுவேட்டுக்கு ‘முள் எங்கே?’, கம்பேருக்கு ‘ஒரே அளவுகோல்’. டெஸ்டில் மட்டும் எழுது, உண்மையான விடைப் புத்தகத்தில் மனசுக்குள் போதும்.

பரீட்சை முடிந்தபின் வரும் மதிப்பெண் பட்டியலில் தாளுக்கான மொத்தம் மட்டும்தான் இருக்கும், எந்தக் கேள்வியில் விட்டோம் என்று தெரியாது. அதனால் இங்கேயே சோதித்துக்கொள். எழுதிய பதிலை, கேள்வியை மறைத்து, பக்கத்து ரூம் பையனிடம் கொடுத்து ‘என்ன வினைச்சொல் கேட்டிருப்பாங்க?’ என்று கேள். நான் கேட்டபோது என் எவாலுவேட் பதிலைப் படித்துவிட்டு அவன் சொன்னது, “குறிப்பு வரைகவா அண்ணா?”