பழைய போட்டோவுக்கு ஊர்ப்பேச்சில் ஒரு வரி: கேள்வி பதில்

சின்ன வயது போட்டோவைப் பகிரும்போது அடியில் போட ஊர்ப்பேச்சில் வரி கேட்டவர்களுக்கு, வட்டார வழக்கில் நெடுநாளாக எழுதிவரும் ஓர் உறுப்பினர் சொன்ன பதில்கள்.

மதுரைக்காரர்: அஞ்சு வயசுல ஒரு கையால டவுசரப் புடிச்சுக்கிட்டு நிக்கிற போட்டோ. ‘மறக்க முடியாத நினைவுகள்’னு போட்டேன், ஒருத்தரும் சிரிக்கல. என்ன போடலாம்?

இன்றைய நீங்கள் அன்றைய உங்களைப் பற்றிச் சொல்லும் வரி அது. அதனால்தான் சிரிப்பு வரவில்லை. போட்டோ எடுத்த அந்த நொடியில் அங்கே யாரோ பேசியிருப்பார்கள் அல்லவா, அந்த வாயைப் பிடியுங்கள். அம்மாவாக இருந்தால் “டவுசர இழுத்து விடுடா, ஊரே பாக்குது” என்பார். ஆனால் கை டவுசரில் இருக்கும்போது பையனே பேசுவதுதான் இன்னும் நன்றாக இருக்கும்:

“அருணாக்கொடிய நம்பித்தேன் நிக்கிறேன், வெரசா எடுங்கண்ணே!”

இதில் மதுரையைக் காட்டுவது ‘தேன்’, ‘வெரசா’ இரண்டுதான். அங்கிட்டு, இங்கிட்டு, அவய்ங்க, இவய்ங்க எல்லாவற்றையும் ஒரே வரியில் திணித்தால் மேடையில் மதுரைக்காரராக நடிப்பவர் பேசுவது போல ஆகிவிடும்.

கோவைப் பொண்ணு: கொங்குப் பேச்சுன்னா கடைசியில ‘ங்க’ சேத்தாப் போதும்தானே? ‘நானுங்க சின்ன வயசுலங்க அழகுங்க’ன்னு எழுதி வச்சிருக்கேன்.

பாதி சரி. ‘ங்க’ என்பது கேட்பவருக்குத் தரும் மரியாதை. அதனால் முதலில் யார் யாரிடம் பேசுகிறார் என்று முடிவு செய்யுங்கள். போட்டோக்காரரிடம் குழந்தை பேசினால் ‘ங்க’ வரும். பாட்டி பேத்தியிடம் பேசினால் வராது. அங்கே ‘கண்ணு’, ‘சாமி’ வரும்: “சித்த அசையாம நில்லு கண்ணு.” அப்புறம், எல்லாச் சொல்லிலும் ஒட்டாமல் பேச்சு நிற்கும் இடத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

படத்தில் தோளை விட்டு வழியும் பெரிய சட்டை போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “இது என்ற சட்டை இல்லீங்க, அண்ணனோடதுங்க.” ‘என்ற’ ஒன்று போதும், ஊர் தெரிந்துவிடும். சட்டை சின்னதாக இருந்தால் இந்த வரி வேலைக்கு ஆகாது, வேறு யோசிக்க வேண்டும்.

நெல்லை மாப்பிள்ளை: நானும் சேக்காளியும் சைக்கிள் டயர் உருட்டுற போட்டோ. ‘ஏலே’ போட்டா திட்டுற மாதிரி இருக்குங்கா என் பொஞ்சாதி. அவ சென்னை.

உங்கள் மனைவிக்கு அப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. சம வயதுப் பையன்கள் இருவர் இருக்கும் படத்தில் அது உரிமைச் சொல், தாராளமாகப் போடலாம். மூத்தவர்கள் படத்தில் இருந்தால் அவர்களைப் பார்த்துச் சொல்வது போல வரி அமையாமல் பாருங்கள். சின்னப் பெண் என்றால் ‘ஏட்டி’, ‘ஏளா’ என்று மாறும். உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் ஊருக்கு வினைச்சொல்தான் பெரிய பலம். ‘பார்க்கிறான்’ உங்கள் வாயில் ‘பாக்கான்’ ஆகிறது, ‘நிற்கிறேன்’ ‘நிக்கேன்’ ஆகிறது. அதையே பிடியுங்கள்: “அவன் என்னத்தையும் பாக்கான், நீ டயர உருட்டுலே.” வீட்டில் செல்லமாகச் சொல்லும் ‘சவத்து மூதி’ வகையறாவை மட்டும் எழுத்தில் தவிர்த்துவிடுவேன். குரல் இல்லாமல் படித்தால் அதில் செல்லம் தெரியாது. ‘ஏலே’யா ‘எலே’யா என்று கேட்டால், இரண்டையும் எழுதுகிறார்கள். உங்கள் தெருவில் எது காதில் விழுந்ததோ அது.

திண்டுக்கல் வாசகர்: என் போட்டோ ஆல்பத்துல ஒட்டிக்கிட்டு மங்கிப்போச்சு. அதுக்கு ஊர் முறையில என்ன பண்ணலாம்?

இங்கே பேசிக்கொண்டிருப்பது படத்துக்கு அடியில் போடும் வரியைப் பற்றி. இருந்தாலும் சொல்கிறேன். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், படத்தின் மேல்பூச்சு கையோடு வந்துவிடும். ஆல்பத்தோடு வைத்து, நிழலான வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் அக்கா: தம்பிக்கு மூணு வயசுல சடை பின்னி, பூ வச்சு, பாவாடை சட்டை போட்டு எடுத்த போட்டோ. மறுநாள் குலசாமி கோயில்ல மொட்டை. இப்ப அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. கலாய்க்கணும், ஆனா கோவிச்சுக்கக் கூடாது.

இந்த மாதிரிப் படம் நம் ஊர்களில் பல வீடுகளில் இருக்கிறது. காணிக்கைக்காக வளர்த்த முடி, எடுப்பதற்கு முன் ஒருமுறை சிங்காரிப்போம் என்ற ஆசை. “எங்க வீட்டு மகாலட்சுமி” என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதில் சிரிப்பவர்கள் நீங்கள், சிரிக்கப்படுபவர் அவர். பேச்சை அவரிடம் கொடுத்துவிட்டால் கோபத்துக்கு இடமிருக்காது, ஏனென்றால் மாட்டிக்கொண்டதைப் பற்றி அவரே புலம்புகிறார்.

முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “அப்பாயி, நாளைக்கு மொட்டை அடிக்கப் போறீங்கன்னுதானே இன்னைக்கு எனக்கு இம்புட்டுப் பூவு வச்சு விடுறீங்க?” மூன்று வயதுக் குழந்தை இவ்வளவு நீளமாகக் காரணம் கேட்காது. ‘அடிக்கப் போறீங்கன்னுதானே’ வெறும் விளக்கம், எடுத்துவிடலாம். ‘இம்புட்டு’ உங்கள் வீட்டுப் பேச்சில் உண்டா என்று எனக்குத் தெரியாது, அதையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது:

“நாளைக்கு மொட்டை, இன்னைக்கு மல்லிப்பூவா அப்பாயி?”

‘அப்பாயி’ என்ற ஒரு சொல்லே உங்கள் பக்கத்தைச் சொல்லிவிடும். நீங்கள் பாட்டியை வேறு மாதிரி அழைத்திருந்தால் அதையே போடுங்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தால் இந்த வரி சரி. சிரித்துக்கொண்டிருந்தால் “பூவு இன்னும் கொஞ்சம் வைங்க அப்பாயி” என்று திருப்பிவிடுங்கள், இன்னும் நன்றாக இருக்கும். பெண் வீட்டார் பார்க்கப்போவதால் போடுவதற்கு முன் தம்பியிடம் காட்டிவிடுங்கள்.

பெயர் சொல்லாதவர்: நான் எழுதுனா யாருக்கும் படிக்கவே வரமாட்டேங்குது. ‘அப்பயெல்லாங் கொளத்தாங்கரயிலதேம் போயி உளுந்து கெடந்தோமுல்ல.’ பேசாம இங்கிலீஷ் எழுத்துல எழுதிடவா?

வேண்டாம். இங்கிலீஷ் எழுத்தில் குறிலும் நெடிலும் குழம்பும், ல-ள வித்தியாசம் போய்விடும். ஊர்ப்பேச்சின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது, கேட்ட அத்தனையையும் எழுதியதுதான் சிக்கல். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் இடங்களைப் பழக்கமான எழுத்தில் விட்டுவிட்டு, உங்கள் ஊர் தனியாகத் தெரியும் இடத்தை மட்டும் வளையுங்கள்: “அப்பல்லாம் கொளத்தங்கரையிலதேன் கெடந்தோம்.” எழுதியதை அந்த ஊர்க்காரர் யாரிடமாவது கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்கி நிற்கிறாரோ அந்த எழுத்தை மாற்றுங்கள்.

சிவகங்கைக்காரி: எல்லாரும் போட்டோ வச்சிருக்கீங்க. எங்க வீட்டுல அக்காவுக்குத்தான் வரிசையா எடுத்தாங்க. எம் முறை வந்தப்ப ரோலு தீந்துபோச்சுன்னாங்க. நான் எதுக்கு வரி எழுத?

ஒரு ரோலில் அத்தனை படம், அதில் ஒன்றுகூடவா உங்களுக்கு இல்லை! அக்காவின் போட்டோவைப் போடுங்கள், பேச்சு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்:

“அக்காளுக்கு நாலு படம் எடுத்துப்புட்டு, எங்கிட்ட மட்டும் ரோலு தீந்துபோச்சுன்னாய்ங்க.”

சட்டகத்துக்கு வெளியே நின்று பேசும் வரி இது, அக்கா எவ்வளவு அலங்காரமாக நிற்கிறாரோ அவ்வளவு எடுபடும். அக்காவையும் அதில் குறிப்பிட்டுவிடுங்கள். அவர் பதிலுக்கு என்ன எழுதுவார் என்பது உங்கள் பாடு.