பேணியோடை பிரிட்ஜுக்குள் வைக்கலாமா?

*அன்புள்ள அக்கா, ரின்மீன் உடைச்சால் எங்கள் ரெண்டு பேருக்கும் பாதி காணும். மிச்சத்தைப் பேணியோடையே பிரிட்ஜுக்குள்ள வைக்கிறனான். மாமி கண்டால் "அது நஞ்சாப் போகும்" எண்டு கொட்டிப்போடுறா. இவரோ, "மூண்டு வருசம் பேணிக்குள்ள கிடந்த மீனை மூண்டு நாள் என்ன செய்யப் போகுது" எண்டு சிரிக்கிறார். தக்காளிப் பேணி, பால் பேணியும் இப்படித்தானோ? ஆர் சொல்லுறது சரி?*
*– வாசகி, கொக்குவில்*

தங்கச்சி, மாமி சொன்ன முடிவு பெரும்பாலும் சரி, காரணம்தான் பழையது. அவருடைய இளமைக் காலத்தில் பேணியின் பக்கத்துப் பொருத்தை ஈயம் கலந்த பற்றாசு வைத்து ஒட்டினார்கள். உள்ளே இருக்கும் உணவில் அந்த ஈயம் கலந்தால் அது உண்மையிலேயே நஞ்சுதான். இப்போது வரும் பேணிகளைத் திருப்பிப் பாருங்கள். பக்கத்தில் நூல் போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் இருந்தால் அது மின்சாரத்தால் உருக்கி ஒட்டியது. தட்டையான சின்ன மீன் பேணிகள் பலவற்றில் அந்தக் கோடும் இராது. ஆகவே திறந்த உடனே பேணி நஞ்சாக மாறுவதில்லை.

உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. மூடிய பேணிக்குள் காற்று இல்லையென்றே சொல்லலாம். மீனைப் போட்டு மூடிய பிறகு கிட்டத்தட்ட 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகவைப்பதால் கெடுக்கிற கிருமியும் உள்ளே இல்லை. மூடியைக் கிழித்த நிமிடத்தில் இந்த இரண்டு காவலும் போய்விடுகின்றன. கடையில் இருந்த அந்த மூன்று வருடத்தைத் திறந்த பிறகு கணக்கில் சேர்க்க முடியாது.

காற்று புகுந்தால் என்ன நடக்கும் என்பதைத் தக்காளியில்தான் நன்றாகப் பார்க்கலாம். பேணி என்பது இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. அந்த நாளில் பித்தளைச் சட்டியில் புளி போட்டுச் சமைக்க முன் "ஈயம் பூச" அனுப்புவார்களே, அங்கே பூசியதும் இந்த வெள்ளீயம்தான். நஞ்சான காரீயம் வேறு. புளிப்பும் காற்றும் சேர்ந்தால் வெள்ளீயம் கரையத் தொடங்கும், பிறகு அடியிலிருக்கும் இரும்பும் கரையும். நாக்கில் ஆணியை நக்கியது போல ஒரு சுவை வந்தால் அதுதான். குழம்பு நிற்கும் மட்டத்தில் செம்மஞ்சள் கறை படிவதும், உள்சுவர் சாம்பல் நிறமாய் மங்குவதும் அதன் அடையாளம். வெள்ளீயம் கூடுதலாய்க் கரைந்த உணவைச் சாப்பிட்டால் குமட்டல், வாந்தி, வயிற்று நோவு வரலாம். பேணி உணவில் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகத் தரவிதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

இன்றைக்குப் பல பேணிகளுக்குள் வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ ஒரு பூச்சு இருக்கும். அது உலோகத்தை உணவிலிருந்து பிரித்து வைக்கிறது. ஆனால் திறக்கிற கத்தி விளிம்பில் அதைக் கீறிவிடும், கரண்டி அடியில் கீறிவிடும். உள்ளே கண்ணாடி போல மினுங்குகிற வெறும் தகடு என்றால் கீறவே தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் "தக்காளிக் குழம்பில் மத்தி" பேணிகளுக்கும் இதே கதைதான். மீன் பேணியின் உள்ளே சில வேளை கறுப்புத் தழும்பு தெரியும்; அது மீனின் கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து வந்த நிறம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பேணியின் வாயை அலுமினியத் தாளால் மூடுகிற பழக்கமும் நல்லதல்ல. நானும் செய்து பார்த்தவள்தான். இரண்டாம் நாள் தாளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள், கீழே தக்காளியில் சாம்பல் துகள்கள். புளிப்பு நீர், அலுமினியம், இரும்பு மூன்றும் தொட்டுக்கொண்டால் சின்ன பற்றரி மாதிரி வேலை செய்து தாளைத் தின்றுவிடும்.

மீனுக்கு உலோகத்தைவிடப் பெரிய பிரச்சினை வெக்கை. நீங்கள் பத்தரை மணிக்கு 425 கிராம் பேணியை உடைத்து, பாதியை வெங்காயத்தோடு பிரட்டுகிறீர்கள் என்று வைப்போம். மற்றப் பாதி மேசையில் கிடக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிந்து இரண்டு மணிக்குத்தான் அது பிரிட்ஜுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்து வெயில் காலத்தில் 32 பாகைக்கு மேல் உள்ள குசினியில் அது மூன்றரை மணித்தியாலம். அந்த வெக்கையில் ஒரு மணித்தியாலம்தான் கணக்கு, இதமான நாளில் இரண்டு. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற மீன்களின் சதையில் கையாலும் கரண்டியாலும் போய்ச் சேர்ந்த சில கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். நாற்றம் வராமலே அது சேரலாம். "திரும்பக் கொதிக்க வைச்சால் சரி" என்ற நம்பிக்கை இங்கே உதவாது, எவ்வளவு கொதித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்டது போலச் சுர்ரென்றால் துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். மூச்சு முட்டினால் உடனே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே பேணியைத் திறந்த கையோடு, கறி அடுப்பில் ஏற முன்னரே, மிச்ச மீனைச் சுத்தமான கரண்டியால் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலுக்கோ சில்வர் டப்பாவுக்கோ மாற்றுங்கள். பேணிக்குள் இருந்த நீரையும் சேர்த்து ஊற்றினால் மீன் காயாது. கதவுத் தட்டு அடிக்கடி சூடாகும், அதனால் உள்ளே பின்பக்கம் வையுங்கள். புதன்கிழமை திறந்தது என்றால் சனிக்கிழமை மத்தியானத்தோடு முடித்துவிடுங்கள். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே உறையவைக்கலாம். தக்காளி மாற்றிய போத்தலில் ஐந்து நாள் நிற்கும். அதை அலுமினியச் சட்டியில் மட்டும் வைக்காதீர்கள்.

பாலில் இரண்டு சாதி உண்டு. தேத்தண்ணிக்கு ஊற்றுகிற தித்திப்பு ரின்பாலில் சீனி மிகுந்து கிடப்பதால் கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காது. பேணியில் இருந்தாலும் அவ்வளவு பயமில்லை. ஆணியால் இரண்டு துளை போட்டு ஊற்றுகிற வீடுகளில் துளையைச் சுற்றி காய்ந்த பால் ஒட்டி எறும்பு வருவதுதான் தொல்லை. ஈரக் கரண்டி விட்டால் மேற்பரப்பு நீர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே போத்தலுக்கு மாற்றிக் காய்ந்த கரண்டி பாவியுங்கள். சீனி போடாத கெட்டிப்பால் அப்படியல்ல, திறந்தால் அதுவும் பச்சைப் பால் மாதிரித்தான். மாற்றி வைத்து மூன்று நாளில் முடியுங்கள்.

கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விடுங்கள், நாலு மணித்தியாலம் வரை குளிர் நிற்கும். அதைத் தாண்டினால் மீனையும் கெட்டிப்பாலையும் மாமி கேட்க முன்னமே கொட்டிவிடுங்கள். ரின்பால் இருக்கட்டும்.